பின்னிணைப்பில் இருந்த 27 பேர்

கேள்வி: ஐயா, நான் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பாடத்தில் தடுமாறும் மாணவர்களையும், பகுதி நேரமாகச் சொல்லித்தரக்கூடிய ஆசிரியர்களையும் இணைக்கும் ஒரு செயலியை இரண்டு நண்பர்களோடு தொடங்கத் திட்டமிட்டிருக்கிறேன். மூன்று மாதம் செயலி இல்லாமல் கையாலேயே சோதனை செய்தும் பார்த்தோம். முழுத் திட்டத்தையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அடுத்த மாதம் முதலீட்டாளர்களைச் சந்திக்கிறோம். ஒவ்வொரு பகுதியாகப் படித்து, எது தேறும், எது தேறாது என்று தயங்காமல் சொல்லுங்கள். எங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறார்கள்.

பதில்:

அன்புள்ள தம்பி,

திட்டத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை நீங்கள் எழுதியிருக்கும் வரிசையில் படித்தேன். இரண்டாம் முறை கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினேன், ஏனென்றால் உங்கள் திட்டத்திலேயே மதிப்புள்ள பக்கம் அந்தப் பின்னிணைப்புதான். முன்னால் இருக்கும் பகுதிகளில் பெரும்பாலும் உங்கள் நம்பிக்கைகள் இருக்கின்றன. உண்மையில் நடந்தது பின்னிணைப்பில் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு பகுதி பகுதியாகச் சொல்கிறேன்.

பிரச்சினையும் கருத்துக்கணிப்பும்

மாணவர்களுக்குச் சரியான ஆசிரியர் கிடைப்பது சிரமம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரிதான். ஆனால் அதற்குச் சான்றாக நீங்கள் வைத்திருப்பது 240 பேரிடம் எடுத்த கருத்துக்கணிப்பு. "இப்படி ஒரு செயலி வந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள், 87 சதவீதம் பேர் ஆம் என்றிருக்கிறார்கள். இந்த எண்ணை எடுத்துவிடுங்கள். ஆம் என்று சொல்ல அவர்களுக்கு எந்தச் செலவும் இல்லை. கேட்டவர் நண்பராகவோ ஒரே கல்லூரிக்காரராகவோ இருக்கும்போது இல்லை என்று சொல்வதுதான் கடினம். இனிமேல் செய்யப்போவதைப் பற்றிக் கேட்டால் மனிதர்கள் தங்கள் விருப்பத்தைச் சொல்வார்கள். ஏற்கெனவே செய்ததைப் பற்றிக் கேட்டால்தான் பழக்கம் வெளியே வரும்.

அதனால் 15 பேரிடம் உட்கார்ந்து பேசுங்கள், போதும். கடைசியாக எந்தப் பாடத்தில் மாட்டிக்கொண்டீர்கள், அது எப்போது, அன்று என்ன செய்தீர்கள், யாரிடம் கேட்டீர்கள், பணம் கொடுத்தீர்களா, அந்தப் பணம் யாருடையது என்று கேளுங்கள். உங்கள் செயலியைப் பற்றி வாயே திறக்காதீர்கள். தடுமாறியும் ஆசிரியரைத் தேடவே இல்லை என்று பத்துப் பேர் சொன்னால், பிரச்சினை நீங்கள் நினைத்த இடத்தில் இல்லை என்று அர்த்தம்.

இன்னொன்று, பணம் யாருடையது என்ற கேள்விக்குத் திட்டத்தில் எங்குமே பதில் இல்லை. படிப்பவர் மாணவர். பணம் தருபவர் பல நேரம் பெற்றோர். மாணவர் தேடுவது புரியும்படி சொல்லித்தருபவரை. பெற்றோர் தேடுவது நம்பகமான ஒருவரை. நீங்கள் பேசிய 240 பேரில் ஒரு பெற்றோர்கூட இல்லை. பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களையும் சேர்க்கப்போவதாக எழுதிவிட்டு, ஆசிரியர்களின் பின்னணியைச் சரிபார்ப்பதற்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள். சிறுவர்கள் தனியாக ஒரு பெரியவரோடு பேசும் சேவை இது. யார் சரிபார்ப்பார், எதைச் சரிபார்ப்பார், புகார் வந்தால் அன்றைக்கே என்ன நடக்கும் என்று எழுத முடியாவிட்டால், கல்லூரி மாணவர்களோடு மட்டும் தொடங்குங்கள்.

சந்தையும் போட்டியும்

நாட்டில் உள்ள மொத்த மாணவர் எண்ணிக்கையை எடுத்து, அதில் ஒரு சதவீதம் நமக்கு என்று போட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு சதவீதம் எந்த வழியாக உங்களிடம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கணக்கைக் கீழிருந்து போடுங்கள். அப்படிப் போட்டிருந்தால் உங்கள் திட்டத்துக்குள் இருக்கும் ஒரு முரண் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

வருமானப் பக்கத்தில் முதல் ஆண்டில் 10,000 மாணவர்கள், ஆளுக்கு 24 வகுப்புகள் என்கிறீர்கள். அப்படியானால் ஆண்டுக்கு 2,40,000 வகுப்புகள். நடைமுறைப் பக்கத்தில் ஆண்டு முடிவில் 60 ஆசிரியர்கள், ஒவ்வொருவரும் வாரத்துக்கு 6 மணி நேரம் தருவார்கள் என்கிறீர்கள். 60 பேரும் முதல் வாரத்திலிருந்தே இருந்தாலும், ஒரு வாரம்கூட விடுப்பு எடுக்காவிட்டாலும், ஆண்டுக்கு 18,720 மணி நேரம்தான் கிடைக்கும். ஒரு வகுப்பு ஒரு மணி நேரம் என்றால் சுமார் 780 மாணவர்களுக்குத்தான் போதும். ஒரே கோப்பின் இரண்டு பக்கங்களில் 10,000 என்றும் 780 என்றும் இருக்கிறது. முதலீட்டாளர் இதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். கண்டுபிடித்தபின் மற்ற எண்களையும் அவர் நம்ப மாட்டார்.

போட்டியாளர் யாரும் இல்லை என்ற வரியை அடித்துவிடுங்கள். மூத்த வகுப்பு மாணவர், டியூஷன் மையம், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடக் காணொளி, தேர்வு வரை தள்ளிப்போடும் பழக்கம் என எல்லாமே உங்கள் போட்டிதான். கடைசியாகச் சொன்னதுதான் இவற்றில் வலுவானது.

வருமான வழி

இந்தப் பகுதியில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். நீங்களும் அப்படியே செய்ய வேண்டும். எண்கள் எளிதாக இருக்க, ஒரு மணி நேர வகுப்புக்கு மாணவர் தருவதை 100 என்று வைத்துக்கொள்வோம்.

அதில் 15 உங்கள் கமிஷன், 85 ஆசிரியருக்கு. மாணவரிடமிருந்து பணம் வாங்கித்தரும் சேவைக்கு 2 போய்விடும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஒரு வகுப்புக்கு உங்கள் கையில் நிற்பது 13. ஆளுக்கு 24 வகுப்பு என்றால் 312. ஒரு மாணவரைக் கொண்டுவர ஆகும் செலவு 20 என்று போட்டு, மீதி எல்லாம் லாபம் என்று காட்டியிருக்கிறீர்கள்.

அந்த 20 தவறு. விளம்பரத்தைப் பார்த்துப் பெயரைப் பதிவு செய்ய வைப்பதற்குத்தான் 20. பதிவு செய்த நான்கு பேரில் ஒருவர் வகுப்புக்கு வருவார் என்று நீங்களே வேறொரு பக்கத்தில் சொல்கிறீர்கள். ஆக, வகுப்புக்கு வரும் ஒருவருக்கு 80. அப்புறம், முதல் வகுப்பு மாணவருக்கு இலவசம் என்கிறீர்கள். மாணவருக்கு இலவசமாக இருந்தாலும் ஆசிரியருக்கு 85 கொடுத்தாக வேண்டும். அந்தச் செலவு எந்தப் பக்கத்திலும் இல்லை. இரண்டையும் கூட்டினால் ஒரு மாணவரைக் கொண்டுவர 165 ஆகிறது. வகுப்புக்கு 13 வீதம் அதைத் திரும்ப எடுக்க, அவர் இலவச வகுப்புக்குப் பிறகு 13 வகுப்புகள் காசு கொடுத்து உங்கள் வழியாகவே எடுக்க வேண்டும்.

எடுக்கிறாரா? இதற்குத்தான் பின்னிணைப்புக்குப் போக வேண்டும். மூன்று மாதத்தில் 38 பேர் முதல் வகுப்பு எடுத்தார்கள். இரண்டாவது வகுப்பை உங்கள் வழியாக எடுத்தவர்கள் 11 பேர். மொத்தம் 74 வகுப்புகள். இலவசமான 38ஐக் கழித்தால் காசு வந்த வகுப்புகள் 36. ஆளுக்கு ஒன்றுகூட இல்லை. தேவைப்படுவது 13. விளம்பரச் செலவே இல்லாமல், தெரிந்தவர்கள் மூலம் நடத்திய சோதனை இது. அப்படியும் இலவச வகுப்புகளுக்கு ஆசிரியர்களுக்குத் தந்தது 3,230, உங்களுக்கு நின்றது 468.

மீதி 27 பேரை "தொடரவில்லை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். அவர்களில் எத்தனை பேர் படிப்பதை நிறுத்தினார்கள், எத்தனை பேர் உங்களை விட்டுவிட்டு அதே ஆசிரியரிடம் நேராகப் படிக்கிறார்கள்? உங்கள் தொழிலே இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது.

என் ஊகத்தைச் சொல்கிறேன். அதே பின்னிணைப்பில் முதல் வகுப்புக்கு மாணவர்கள் தந்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.7 என்று இருக்கிறது. வகுப்பு பிடிக்காமல் போனவர்கள் குறைந்த மதிப்பெண் தந்துவிட்டுப் போவார்கள். நல்ல மதிப்பெண் தந்துவிட்டுக் காணாமல் போகிறவர்கள் பெரும்பாலும் ஆசிரியரின் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொண்டவர்கள். பல ஆண்டுகளுக்கு முன் வீட்டுப் பழுது வேலைக்கு ஆள் ஏற்பாடு செய்து தரும் ஒரு நிறுவனத்தில் நான் பங்காளியாக இருந்தேன். புகார்களே வரவில்லை, பாராட்டுதான் வந்தது, ஆனால் இரண்டாவது அழைப்பு வரவில்லை. சேவையில் ஏதோ குறை என்று நினைத்து ஆறு மாதம் பயிற்சிக்குச் செலவழித்தோம். கடைசியில் வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது, எங்கள் ஆட்கள் அத்தனை நன்றாக வேலை செய்ததால்தான் அவர்களை நேராகக் கூப்பிட்டுக்கொண்டார்கள். வீடு சுத்தம் செய்ய ஆள் ஏற்பாடு செய்த ஹோம்ஜாய் நிறுவனம் 2015இல் மூடப்பட்டபோது, தொழிலாளர்கள் தொடுத்த வழக்குகளைத்தான் முக்கியக் காரணமாகச் சொன்னது. ஆனால் சலுகை விலைக்கு வந்தவர்கள் தங்காததும், சுத்தம் செய்பவரையே நேராக அமர்த்திக்கொண்டதும் அப்போது நிறையப் பேசப்பட்டன.

உங்கள் சேவையில் இந்தக் கசிவு இன்னும் அதிகமாக இருக்கும். டியூஷன் என்பது ஒரே ஆசிரியர், ஒரே மாணவர், வாரா வாரம். முதல் நாளே இருவருக்கும் ஒருவரையொருவர் தெரிந்துவிடுகிறது. அதன்பின் ஒவ்வொரு வாரமும் 15 எதற்கு என்று ஆசிரியர் நினைப்பது நியாயமானது. நேராகப் பேசினால் நிறுத்திவிடுவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதப்போவதாகச் சொல்கிறீர்கள். அது வேலைக்கு ஆகாது. உங்களால் கண்டுபிடிக்க முடியாது, கண்டுபிடித்தாலும் உங்கள் நல்ல ஆசிரியர்களைத்தான் இழப்பீர்கள்.

என்ன செய்யலாம்? எனக்கு இரண்டு வழிகள் தெரிகின்றன.

முதலாவது, இலவச வகுப்பை நிறுத்திவிட்டு 8 வகுப்புகளை ஒரு தொகுப்பாக விற்பது. பணம் முன்கூட்டியே உங்களிடம் வரும், வகுப்பு நடக்க நடக்க ஆசிரியருக்குப் போகும். முதல் வகுப்பு பிடிக்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப. ஒரு தொகுப்பில் உங்களுக்கு 104 நிற்கும். ஐந்தில் ஒருவர் பணத்தைத் திரும்பக் கேட்கிறார் என்று வைத்துக்கொண்டால், தங்கும் ஒருவருக்கு விளம்பரச் செலவு 100, திரும்பிப் போனவருடைய வகுப்புக்கு ஆசிரியருக்குத் தந்ததில் இவர் பங்கு 21, ஆக 121. ஐந்தில் ஒருவர் இரண்டாவது தொகுப்பும் வாங்கினால் சமன் ஆகிவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது எல்லாம் பதிவு செய்த நான்கு பேரில் ஒருவர் வாங்குவார் என்ற கணக்கு. அது இலவச வகுப்புக்கு உள்ள விகிதம். எட்டு வகுப்புப் பணத்தை முன்னாலேயே கேட்டால் பத்தில் ஒருவர் வந்தாலே அதிகம். அப்போது ஒருவருக்கான செலவு 271 ஆகி, ஆளுக்கு இரண்டரைத் தொகுப்புக்கு மேல் விற்க வேண்டியிருக்கும். அதனால் இந்த வழியை விற்றுப் பார்த்தபின்தான் நம்பலாம்.

இரண்டாவது வழி எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. நான்கு மாணவர்கள் சேர்ந்த சிறு குழு. ஆளுக்கு 40 கொடுத்தால் வகுப்புக்கு 160. நீங்கள் 20 சதவீதம் எடுத்தாலும் 32, ஆசிரியருக்கு 128. மாணவருக்குச் செலவு பாதிக்கும் கீழே, ஆசிரியருக்கு அதே ஒரு மணி நேரத்துக்கு 85க்குப் பதில் 128, பணம் வாங்கும் கட்டணம் போக உங்களுக்கு 13க்குப் பதில் சுமார் 29. ஆனால் இதன் பலம் கமிஷன் கூடுவதில் இல்லை. ஆசிரியரைத் தேடித்தருவது ஒரே நாளில் முடிந்துவிடும் வேலை. அது முடிந்ததும் நீங்கள் தேவையில்லை. ஒரே பாடத்தில் ஒரே நிலையில் உள்ள நால்வரைச் சேர்ப்பது, ஒருவர் விலகினால் அந்த இடத்தை நிரப்புவது, நால்வருக்கும் பொருந்தும் நேரம் பார்ப்பது, பணத்தை வசூலிப்பது எல்லாம் வாரா வாரம் வரும் வேலை. அதைத் தன் தலையில் போட்டுக்கொள்ள ஆசிரியர் விரும்ப மாட்டார். அதனால் உங்களோடு இருப்பார்.

இதிலும் சிக்கல் உண்டு. மூன்று பேர்தான் சேர்ந்தார்கள் என்றால் வகுப்புக்கு 120, ஆசிரியருக்கு 96, அவர் பொறுத்துக்கொள்வார். இரண்டு பேர் என்றால் 64, போய்விடுவார். ஆகவே மூன்று பேர் சேராமல் குழுவைத் தொடங்கக் கூடாது. உங்கள் 38 பேரில் 14 பேர் கணிதம் கேட்டிருக்கிறார்கள். எண்ணிக்கைப்படி மூன்று குழு. ஆனால் அவர்கள் ஒரே பருவத்தில் இருந்தார்களா, ஒரே நேரத்தில் வர முடியுமா என்று உங்கள் அட்டவணையில் இல்லை. அந்த 14 பேரை மட்டும் எடுத்து ஒரு தாளில் நேரம் போட்டுப் பாருங்கள். ஒரு குழுவாவது அமைந்தால் அதை நடத்தலாம்.

செயலியும் கேட்கும் பணமும்

கேட்கும் தொகையில் 60 சதவீதம் செயலி கட்ட. இப்போது வேண்டாம். 38 மாணவர்களைக் கையாலேயே சமாளித்தீர்கள், 100 பேரையும் ஒரு எக்செல் தாளிலும் வாட்ஸ்அப்பிலும் சமாளிக்கலாம். 1999இல் நிக் ஸ்வின்மர்ன் இணையத்தில் செருப்பு விற்க நினைத்தபோது, கிடங்கு பிடித்துச் சரக்கை நிரப்பவில்லை. கடைக்குப் போய்ச் செருப்புகளைப் படமெடுத்து இணையத்தில் போட்டார். யாராவது கேட்டால் அதே கடையில் வாங்கி அனுப்பினார். அப்படி விற்றதில் அவருக்கு லாபம் இல்லை. பார்க்காமல் செருப்பு வாங்குவார்களா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் அவருக்குப் பதில் தேவைப்பட்டது. அதுதான் பின்னால் ஜாப்போஸ் என்ற பெரிய இணையக் காலணிக் கடை ஆனது. உங்களுக்கும் ஒரே கேள்விதான் இருக்கிறது: மாணவர் இரண்டாம் மாதமும் உங்கள் வழியாகவே வருவாரா? அதற்குச் செயலி பதில் சொல்லாது. கசிவு இருக்கும்போது செயலி கட்டினால் இன்னும் வேகமாகக் கசியும்.

முதலீட்டாளர் சந்திப்பை இரண்டு மாதம் தள்ளிவைக்கச் சொல்வேன். முடியாது என்றால், செயலிக்குக் கேட்காமல் எட்டு வாரச் சோதனைக்கு ஆகும் சிறு தொகையை மட்டும் கேளுங்கள்.

குழு

மூவருக்கும் சம பங்கு. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் உங்களில் ஒருவர் அடுத்த ஆண்டு மேற்படிப்புக்குப் போகக்கூடும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் ஆறு மாதத்தில் போய்விட்டால் நிறுவனத்தில் மூன்றில் ஒரு பங்கு வேலை செய்யாத ஒருவரிடம் நின்றுவிடும். வழக்கமான ஏற்பாடு, பங்குகள் நான்கு ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக உரிமையாவது, முதல் ஆண்டு முடியும் முன் விலகினால் ஒன்றும் இல்லை என்பது. நட்பு நன்றாக இருக்கும் இப்போதே இதைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள். சண்டை வந்தபின் பேச முடியாது. இன்னொன்று, உங்களில் யாரும் ஒரு வகுப்புகூட எடுத்ததில்லை. ஒவ்வொருவரும் ஒரு மாணவருக்கு ஒரு மாதம் சொல்லிக்கொடுங்கள். ஆசிரியர் ஏன் உங்களைத் தாண்டிப் போகிறார் என்பது அப்போது புரியும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

அந்த 27 பேரின் எண்களும் உங்களிடம் இருக்கின்றன. நீங்களே அழையுங்கள், நண்பர்களிடம் விடாதீர்கள். குறை சொல்ல அழைக்கவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த வகுப்புக்குப் பிறகு அந்தப் பாடத்தை எப்படிப் படித்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். அதே ஆசிரியரிடம் நேராகப் படிக்கிறார் என்றால், ஏன் அப்படிச் செய்தார், எது இருந்திருந்தால் உங்கள் வழியாகவே வந்திருப்பார் என்று கேளுங்கள். சிலர் சொல்லத் தயங்குவார்கள். அவர்களுடைய ஆசிரியரிடமும் இதையே கேளுங்கள், அவர்கள் பெரும்பாலும் மறைக்க மாட்டார்கள்.

படிப்பை நிறுத்தியவர்கள், நேராகப் போனவர்கள், வேறு இடம் பார்த்தவர்கள் என்று மூன்றாகப் பிரித்து எண்ணுங்கள். நேராகப் போனவர்கள் பாதிக்கு மேல் என்றால் குழு வகுப்பைச் சோதியுங்கள். பெரும்பாலானோர் படிப்பையே நிறுத்திவிட்டார்கள் என்றால் நான் மேலே சொன்ன ஊகம் தவறு, இலவசம் என்பதற்காகத்தான் வந்தார்கள் என்று பொருள். அப்போது தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மட்டும் விற்கும் சேவையாக இதை மாற்ற முடியுமா என்று யோசிக்க வேண்டும். அந்த எண்களை எனக்கு அனுப்புங்கள். திட்டத்தின் அடுத்த வடிவத்தில் அவற்றை முதல் பக்கத்தில் வையுங்கள், நான் திரும்பவும் படிக்கிறேன்.